கான்வெக்ஸ்தான், சரி. அடி எங்கே?

லாஜிஸ்டிக் ரிக்ரஷன் பற்றிப் பேச்சு வந்தால், "அது கான்வெக்ஸ்தானே, எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே விடைக்குத்தான் போகும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும். சில மாதங்களுக்கு முன் என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் மாடலின் கெழுக்களைக் கொண்டுவந்து காட்டினான். தரவு அதேதான், நிரலும் அதேதான். சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் பத்து மடங்கு கூட்டியிருந்தான். மற்ற கெழுக்கள் எல்லாம் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் ஏறிவிட்டிருந்தது. இன்னும் பத்து மடங்கு கூட்டினால் இன்னும் ஏறியது. "கான்வெக்ஸ் என்றால் ஒரே விடைதானே அண்ணா, நிரலில் எங்கோ பிழை இருக்கிறது" என்று தேடிக்கொண்டிருந்தான். நிரலில் பிழை எதுவும் இல்லை. இழப்பும் கான்வெக்ஸ்தான். அவன் சொன்ன வாக்கியத்தில்தான் ஒரு சின்ன ஓட்டை. கான்வெக்ஸ் என்றால் பொய்யான பள்ளம் ஏதும் இருக்காது, அவ்வளவுதான். உண்மையான பள்ளம் ஒன்று இருந்தே தீரும் என்ற உறுதியை அது தருவதில்லை.

இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். நான்கே நான்கு புள்ளிகளை வைத்து, கிரேடியன்ட்டைக் கையால் போட்டுப் பார்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு காகிதம் போதும்.

ஒரு புள்ளியின் இழப்பு

முதலில் ஒரே ஒரு புள்ளி. உள்ளீடு x, லேபிள் y (0 அல்லது 1). மாடல் z = wx + b என்று ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதை சிக்மாய்டில் போட்டு நிகழ்தகவு p ஆக்குகிறது. அந்த p எவ்வளவு மோசம் என்று அளப்பதற்கு லாக் இழப்பை வைக்கிறோம். பாடப்புத்தகங்களில் இது −y log p, −(1−y) log(1−p) என்று இரண்டு துண்டாக இருக்கும். அந்த வடிவத்திலேயே வகையிடப் போனால் பின்னங்கள் குவிந்துவிடும். அதற்கு முன் ஒரு வரி சுருக்கிக்கொள்வது நல்லது. log p என்பது z − log(1 + e^z). log(1−p) என்பது வெறும் −log(1 + e^z). இரண்டையும் உள்ளே போட்டால் பாதிக்கு மேல் அடிபட்டுப் போய், மிஞ்சுவது இதுதான்:

```
p        = 1 / (1 + e^(-z))
இழப்பு    = log(1 + e^z) - y*z
d/dz     = e^z / (1 + e^z) - y  =  p - y
d²/dz²   = p * (1 - p)
```

முதல் வகைக்கெழு p − y. மாடல் சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம், வேறொன்றும் இல்லை. z ஆனது w-ஐப் பொறுத்து x மடங்கு மாறுகிறது. அதனால் w-க்கான கிரேடியன்ட் (p − y)x, b-க்கானது (p − y). எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டிவிட்டால் மொத்தக் கிரேடியன்ட் கிடைத்துவிடும்.

இரண்டாம் வகைக்கெழுவை இன்னொரு முறை பாருங்கள். p எப்போதும் 0-க்கும் 1-க்கும் நடுவில் இருப்பதால் p(1−p) எப்போதும் நேர்மறை. கான்வெக்ஸ் என்பதற்கான ஆதாரம் இந்த ஒரு வரிதான். ஆனால் பலர் கவனிக்காமல் போவது வேறொன்று: அந்த வரியில் y இல்லை. லேபிள் இழப்பின் வளைவைத் தொடுவதே இல்லை. −y*z என்ற நேர்கோட்டுத் துண்டாக வந்து, வளைவை ஒரு பக்கம் சாய்த்துவிட்டுப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இடையில் ஒரு கேள்வி வரும்: (y − p)² என்று வர்க்க இழப்பையே வைத்தால் என்ன? வைக்கலாம், ஆனால் கான்வெக்ஸ் போய்விடும். y = 1 என்ற புள்ளிக்கு அதன் இரண்டாம் வகைக்கெழுவைப் போட்டுப் பார்த்தால், p மூன்றில் ஒன்றுக்குக் கீழே போனதும் அது எதிர்மறை ஆகிவிடுகிறது. மாடல் மிக மோசமாகத் தவறு செய்யும் இடம் அதுதான். p = 0.01 என்று வைத்துக்கொள்வோம். லாக் இழப்பின் வகைக்கெழு −0.99, அதாவது "திருத்து" என்று பலமாகத் தள்ளுகிறது. வர்க்க இழப்பின் வகைக்கெழு ஏறக்குறைய −0.02. தவறு பெரிதாக இருக்கும்போது தள்ளல் அநேகமாக இல்லாமல் போகிறது. லாக் இழப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

நான்கு புள்ளிகள்

இப்போது தரவு. x மதிப்புகள் −2, −1, 1, 2. லேபிள்கள் வரிசையாக 0, 1, 0, 1. பெரிய x என்றால் 1 வரும் போக்கு கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நடுவில் உள்ள இரண்டும் அதற்கு எதிராக நிற்கின்றன. வேண்டுமென்றே சமச்சீராக எடுத்திருக்கிறேன். x-இன் குறியையும் லேபிள்களையும் ஒருசேரத் திருப்பினால் அதே தரவுதான் திரும்பக் கிடைக்கும். அதனால் b-க்கு ஒரு மதிப்பு எவ்வளவு பொருந்துகிறதோ, −b-யும் அவ்வளவே பொருந்தும். கண்டிப்பாகக் கான்வெக்ஸான ஒன்றுக்கு இரண்டு சிறுமங்கள் இருக்க முடியாது. எனவே b = 0. ஒரு மாறியை இப்படிக் கணக்கே போடாமல் கழற்றிவிடலாம். கான்வெக்ஸ் உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்களில் இது ஒன்று.

w மட்டும் மிஞ்சுகிறது. w = 0-இல் தொடங்கினால் எல்லா p-யும் 0.5. நான்கு (p − y)x-களும் −1, 0.5, 0.5, −1. கூட்டினால் −1. கிரேடியன்ட் எதிர்மறை, ஆகவே w கூட வேண்டும். வெளி ஓரத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளும் w-ஐ மேலே இழுக்கின்றன, உள்ளே இருக்கும் இரண்டும் கீழே இழுக்கின்றன. ஓரத்துப் புள்ளிகளின் x இரண்டு மடங்கு என்பதால் இப்போதைக்கு அவற்றின் கை ஓங்கியிருக்கிறது.

அடி எவ்வளவு நீளம் எடுத்து வைக்கலாம்? p(1−p) ஒருபோதும் 0.25-ஐத் தாண்டாது. ஆகவே மொத்த வளைவு 0.25 × (4 + 1 + 1 + 4) = 2.5-ஐத் தாண்டாது. அதன் தலைகீழான 0.4 அளவுக்கு அடி வைத்தால், தாண்டிக் குதித்து இழப்பைக் கூட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம். லேர்னிங் ரேட்டைக் குத்துமதிப்பாக 0.01, 0.1 என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் இது இலவசமாகக் கிடைக்கிறது.

```python
import numpy as np
x = np.array([-2., -1., 1., 2.])
y = np.array([0., 1., 0., 1.])
w = 0.0
for k in range(4):
    p = 1 / (1 + np.exp(-w * x))
    g = np.sum((p - y) * x)
    w = w - 0.4 * g
    print(k + 1, round(w, 4))
```

0.4, 0.4171, 0.4193, 0.4196 என்று வந்து நிற்கும். இந்தத் தரவில் ஒரு வசதி, விடையைக் கையாலும் சரிபார்க்கலாம். e^w-ஐ t என்று வைத்து கிரேடியன்ட்டைப் பூஜ்யத்துக்குச் சமன் செய்தால், எல்லாம் சுருங்கி t³ − t − 2 = 0 என்று முடியும். அதன் ஒரே மெய் மூலம் ஏறக்குறைய 1.5214, அதன் லாக் 0.4196. இழப்பு 2.7726-இல் தொடங்கி 2.5678-க்கு இறங்கியிருக்கிறது. பெரிய சாதனை இல்லைதான். பாதிப் புள்ளிகள் எதிர்ப்பக்கம் நிற்கும்போது வேறென்ன எதிர்பார்ப்பது?

நடுவில் இரண்டு லேபிள்களை மாற்றினால்

x மதிப்புகள் அப்படியே இருக்கட்டும். நடுவில் இருக்கும் இரண்டு லேபிள்களை மட்டும் இடம் மாற்றுங்கள்: 0, 0, 1, 1. இப்போது தரவு மிகவும் ஒழுங்காகிவிட்டது. எதிர்மறை x எல்லாம் 0, நேர்மறை x எல்லாம் 1. பார்த்தவுடன் "இது இன்னும் சுலபமான கணக்கு" என்றுதான் தோன்றும்.

w = 0-இல் கிரேடியன்ட் −3. நான்கு புள்ளிகளும் ஒரே பக்கம் இழுக்கின்றன. 0.4 அடி வைத்தால் w நேராக 1.2-க்குப் போகிறது, அடுத்து 1.52-க்கு. அதன் பிறகு நிற்பதே இல்லை. ஆயிரம் சுற்றில் ஏறக்குறைய 6.7, பத்தாயிரத்தில் 9.0, லட்சத்தில் 11.3. பத்து மடங்கு சுற்றுக்கு 2.3 வீதம் கூடிக்கொண்டே போகும். அந்த 2.3 தற்செயல் இல்லை, அது 10-இன் இயல் மடக்கை. w பெரிதாகும்போது கிரேடியன்ட் ஏறக்குறைய −2e^(−w) என்று தேய்கிறது. அப்படித் தேயும் ஒன்றைப் பின்தொடர்ந்தால் w சுற்றுகளின் லாக் போல ஏறும். என் தம்பி பார்த்த ஏற்றமும் இதே ரகம்தான்.

எனக்கு விஷயம் முழுதாகப் பிடிபட்டது, இழப்பை இப்படிப் பிரித்து எழுதிப் பார்த்தபோதுதான். லேபிள் இல்லாத பகுதியை F என்று வைப்போம்: நான்கு புள்ளிகளுக்கும் log(1 + e^(wx))-ஐக் கூட்டியது. லேபிள் உள்ள பகுதி, w-ஐ yx-களின் கூட்டுத்தொகையால் பெருக்கியது. அப்படியானால்:

```
முதல் தரவு:     L(w) = F(w) - 1*w      (-1 + 2 = 1)
இரண்டாம் தரவு:  L(w) = F(w) - 3*w      ( 1 + 2 = 3)
```

இரண்டு தரவுக்கும் F ஒன்றே, வளைவும் ஒன்றே. வித்தியாசம் 1, 3 என்ற சாய்வு மட்டும்தான். சிறுமம் என்பது F-இன் வகைக்கெழு அந்த எண்ணுக்குச் சமமாகும் இடம். F-இன் வகைக்கெழு என்ன? p-க்களை x-களால் பெருக்கிக் கூட்டியது. அதாவது "மாடல் சொல்லும் px-களின் தொகை, தரவில் உள்ள yx-களின் தொகைக்குச் சமமாக வேண்டும்" என்பதே நாம் தீர்க்கும் சமன்பாடு. சரி, அந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும்? நேர்மறை x-களின் p எல்லாம் 1-ஐத் தொட்டு, எதிர்மறை x-களின் p எல்லாம் 0-ஐத் தொட்டால் 1 + 2 = 3. ஆனால் சிக்மாய்டு 1-ஐயும் தொடாது, 0-ஐயும் தொடாது. ஆகவே w எவ்வளவு ஏறினாலும் F-இன் வகைக்கெழு −3-க்கும் 3-க்கும் நடுவில்தான் இருக்கும், இரண்டையும் எட்டாது. முதல் தரவு கேட்டது 1. அது வரம்புக்குள் வசதியாக இருக்கிறது, 0.4196-இல் கிடைத்துவிடுகிறது. இரண்டாம் தரவு கேட்பது சரியாக 3. கிடைக்கவே கிடைக்காத ஒன்றைக் கேட்கிறது.

அப்படியென்றால் இரண்டாவது இழப்பின் படம் கிண்ணம் போல இருக்காது. ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் பூஜ்யத்தை நோக்கித் தட்டையாகிக்கொண்டே முடிவில்லாமல் போகும் ஒரு சரிவு அது. எங்கு தொட்டாலும் கான்வெக்ஸ், எங்கும் கிரேடியன்ட் பூஜ்யம் இல்லை. இன்னொன்றும் இதில் தெரிகிறது. முதல் தரவில் w ஓர் இடத்தில் நின்றதற்குக் காரணம், கோட்டின் தவறான பக்கம் நின்ற அந்த இரண்டு புள்ளிகள். அவை எதிர்ப்பக்கம் இழுக்காவிட்டால் w-ஐ நிறுத்த ஆள் இல்லை.

புள்ளியியலில் இது பழைய செய்தி. ஆல்பர்ட், ஆண்டர்சன் இருவரும் 1984-இல் எந்த அமைப்பில் லாஜிஸ்டிக் மாடலுக்கு முடிவுள்ள விடை உண்டு, எதில் இல்லை என்று தெளிவாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். லேபிள்கள் ஒரு நேர்கோட்டால் சுத்தமாகப் பிரிந்துவிட்டால் விடை இல்லை. ஒன்றோடொன்று கலந்திருந்தால் உண்டு. கோட்டின் மேலேயே சில புள்ளிகள் விழுந்து, மற்றவை பிரிந்து நிற்கும் அரைகுறை நிலையிலும் விடை இல்லை.

இது எவ்வளவு சுலபமாக நேரும் என்பதை நம் நான்கு புள்ளிகளே காட்டும். நான்கு லேபிள்களை 16 விதமாக வைக்கலாம். b இல்லாமல் w மட்டும் இருந்தால், 3 அல்லது −3 கேட்கும் இரண்டு வைப்புகளில் மட்டும்தான் விடை ஓடிப்போகும். b-யையும் சேர்த்தால் 8 வைப்புகளில் ஓடிவிடும். ஒரே ஒரு கெழு கூடியதற்கே இந்தப் பாடு. சார்பற்ற நெடுவரிசைகள் புள்ளிகளின் எண்ணிக்கைக்குச் சமமாகிவிட்டால், எந்த லேபிளை வைத்தாலும் பிரிந்துவிடும். நெடுவரிசைகள் கூடக்கூடப் பிரிவதற்கான வழிகளும் கூடும்.

நிஜத்தில் எப்படித் தெரியும்

நிஜத் தரவில் பெரும்பாலும் நேர்வது அந்த அரைகுறை வகை. 0/1 மதிப்புள்ள ஒரு நெடுவரிசை இருக்கும். அதில் 1 உள்ள வரிசைகள் கொஞ்சம்தான், அவை எல்லாவற்றுக்கும் லேபிள் 1. அந்தக் கெழுவின் கிரேடியன்ட்டில் அந்த வரிசைகளின் (p − 1) மட்டும் கூடுகிறது. எல்லாமே எதிர்மறை. சமன் செய்ய எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லை. என் தம்பியின் தரவிலும் இதுதான் நடந்திருந்தது. நெடுவரிசையை ஒரு பக்கமும் லேபிளை மறுபக்கமும் வைத்து 2×2 அட்டவணை போட்டதும், ஒரு கட்டத்தில் 0 உட்கார்ந்திருந்தது. நிரலைத் துருவுவதற்கு முன்பே இந்த அட்டவணையைப் போட்டிருந்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்.

கருவிகள் இதை ஒரே மாதிரி சொல்வதில்லை. R-இல் `glm` ஓட்டினால் `fitted probabilities numerically 0 or 1 occurred` என்று எச்சரிக்கும். அது நியூட்டன் முறையில் போவதால், தட்டையான பகுதியில் ஒவ்வொரு சுற்றுக்கும் w ஏறக்குறைய 1 கூடும். நம் இரண்டாம் தரவில், இழப்பு இனிக் குறையவில்லை என்று அது முடிவு கட்டும்போது w இருபதைத் தாண்டியிருக்கும், திட்டப்பிழையோ பல்லாயிரத்தில் நிற்கும். திட்டப்பிழை வளைவின் தலைகீழிலிருந்து வருகிறது. வளைவே ஏறக்குறைய இல்லாத இடத்தில் நின்றால் அது வெடிக்கத்தான் செய்யும். அதனால் w பக்கத்தில் போட்டிருக்கும் p-மதிப்பு 1-க்கு அருகில் வரும். "இந்த நெடுவரிசை முக்கியமில்லை" என்று அதைப் படித்துவிட்டால் உண்மைக்கு நேரெதிராகப் படித்ததாகும்.

scikit-learn-இல் எச்சரிக்கையே வராது. அதன் `LogisticRegression` இயல்பாகவே w²-இன் பாதியை இழப்போடு கூட்டிவிடுகிறது. C என்பது அந்தக் கூட்டலில் தரவின் இழப்புக்குத் தரும் எடை, இயல்பில் அது 1.0. கூட்டியதும் சரிவுக்கு ஓர் அடி கிடைத்துவிடுகிறது. நம் இரண்டாம் தரவில் தீர்க்க வேண்டிய சமன்பாடு இப்போது w = 3 − F′(w). வலப்பக்கம் ஒருபோதும் பூஜ்யமாகாது, ஆனால் இடப்பக்கத்தில் w ஏறிக்கொண்டே வருவதால் இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தே ஆக வேண்டும். சந்திப்பது w = 1.007 வாக்கில். C-யை 10 ஆக்கினால் 2.28. முதல் தரவில் 0.4196 என்பது தரவு சொன்ன எண். இங்கே 1.007-ஐயும் 2.28-ஐயும் தீர்மானித்தது C. தரவு சொன்னதெல்லாம் w நேர்மறை என்பது மட்டும்தான். இப்படி வந்த ஒரு கெழுவை அறிக்கையில் போடுவதானால், பக்கத்தில் C-யின் மதிப்பையும் போடுங்கள்.